முதல் அரை மராத்தான்: 21.1 கி.மீ., 2:21:18

சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலை. ஜனவரி ஞாயிறு, காலை 5 மணி. வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். இரண்டாவது கிலோமீட்டரிலேயே பனியன் நனைந்துவிட்டது.

கிலோமீட்டருக்கு 6:30 என்பதுதான் திட்டம். கூட்டத்தோடு கிளம்பியதில் முதல் 5 கி.மீ. 29:40-இல் முடிந்தது. உடம்பு லேசாக இருந்ததால் குறைக்க மனம் வரவில்லை. 10 கி.மீ. 1:00:50. 15 கி.மீ. 1:34:30.

பதினாறில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பயிற்சியில் நான் ஓடிய அதிகபட்சத் தூரமும் அதே 16 தான். முதல் இரண்டு தண்ணீர் மேசைகளைத் தாகமில்லை என்று தாண்டியிருந்தேன். அதன்பின் நடை, ஓட்டம், நடை. கடைசி 6.1 கி.மீ.க்கு 46:48 ஆனது.

பதினெட்டில் முன்பின் தெரியாத ஓர் அக்கா, "நிக்காதீங்க தம்பி, மெதுவா வாங்க" என்று அடுத்த கம்பம் வரை கூடவே வந்தார். அவரால்தான் முடித்தேன்.

அடுத்ததற்கு: பயிற்சியில் இரண்டு முறையாவது 18 கி.மீ., முதல் 5 கி.மீ. 33 நிமிடத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு மேசையிலும் இரண்டு வாய் உப்புச் சர்க்கரைக் கரைசல். காலணி கடிக்கவில்லை, அதே ஜோடிதான்.