சந்தையிடுகைக் கலவை: மாவு வியாபாரம் பற்றிய ஒரு நேர்வும் வினாக்களும்

மயிலாப்பூரில் வீட்டின் பின்கட்டில் இட்லி மாவு அரைத்து, அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் ஒரு பெண்மணி நாளொன்றுக்கு ஒரு கிலோ பாக்கெட்டுகள் 80 விற்கிறார். அவருடைய இரண்டு கிரைண்டர்களில் நாளுக்கு 150 கிலோ வரை அரைக்கலாம். பாக்கெட்டில் அச்சிட்ட விலை 50 ரூபாய். அதில் கடைக்காரருக்கு 5 ரூபாய் போகிறது. அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி, உறை எல்லாம் சேர்ந்த அடக்கம் 36 ரூபாய். சித்திரை வெயிலில் கடை வாசலில் கிடக்கும் மாவு மாலைக்குள் புளித்துப் பொங்கி, உறை உப்பிவிடுவதால், சில பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றன.

அடுத்த மாதத்திற்கு அவர் வகுத்துள்ள திட்டம் இது: முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீடுகளுக்காக அரைக் கிலோ பாக்கெட்டை 28 ரூபாய்க்கு விற்பது, உறையில் அரைத்த நேரத்தை அச்சிடுவது, ஆறு கடைகளில் தம் செலவில் சிறிய குளிர்பெட்டி வைப்பது, வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் காலை 6 மணிக்குள் நேரடியாகக் கொண்டு சேர்ப்பது, இரண்டு வாரங்களுக்கு மட்டும் கிலோ 45 ரூபாய் எனப் பால் பூத் வாசலில் துண்டறிக்கை கொடுப்பது.

வினாக்கள் (மொத்தம் 20 மதிப்பெண்)

சந்தையிடுகைக் கலவையின் நான்கு கூறுகள் பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு. ஒரு முடிவு எந்த நோக்கத்திற்காக எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு அல்லாமல், அது எதை மாற்றுகிறது என்பதைக் கொண்டே வகைப்படுத்துக. மாணவர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

1. அரைக் கிலோ பாக்கெட் பற்றிய வரியில் இரண்டு முடிவுகள் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, பொருள், விலை ஆகியவற்றின் கீழ் எழுதுக. ஒரு கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்றும் கணக்கிடுக. (3)

2. குளிர்பெட்டியால் மாவின் தரம் காக்கப்படுகிறது. ஆயினும் அதை இடம் சார்ந்த முடிவாகக் கொள்ளலாமா? காரணம் கூறுக. (3)

3. அரைத்த நேரத்தை அச்சிடுவது பொருளின் பகுதியா, விற்பனை மேம்பாடா? இரு தரப்பிலும் வாதம் உண்டு. ஒன்றைத் தேர்ந்து நிலைநாட்டுக. (3)

4. 45 ரூபாய்ச் சலுகையின்போது கடைக்காரரின் பங்கும் அடக்கமும் மாறவில்லை எனக் கொள்க. (அ) இப்போதைய நாள் லாபத்தையே ஈட்ட எத்தனை பாக்கெட் விற்க வேண்டும்? (ஆ) அத்தனை மாவை அவரால் அரைக்க முடியுமா? (இ) காலவரம்பு உடைய இச்சலுகையையும், 45 ரூபாயையே நிரந்தர விலையாக்குவதையும் ஒரே வகையில் சேர்ப்பது ஏன் பிழை? (8)

5. வேளச்சேரி விநியோகத்தில் கடைக்காரர் இல்லாததால் மிஞ்சும் 5 ரூபாயை அவர் எவ்வாறு பயன்படுத்த வேண்டும்? உம் பரிந்துரை நான்கு கூறுகளில் எதைத் தொடுகிறது என்று குறிப்பிடுக. (3)