நிகழ்வே பேசும்: களஞ்சியசாலைப் பாரந்தூக்கியிலிருந்து விழுந்த பெட்டி

வினா: திருகோணமலையில் கம்பனி ஒன்றின் களஞ்சியசாலை பொது வீதியை ஒட்டி நிற்கிறது. அதன் மேல்மாடி வாசலில் பொருத்திய பாரந்தூக்கியின் கை நடைபாதைக்கு மேலாக நீண்டிருக்கும். 2024 ஜூலை 12 அன்று அப்பாரந்தூக்கியால் லொறி ஒன்றுக்கு இறக்கப்பட்ட 60 கிலோ மரப்பெட்டி கழன்று விழுந்தது. நடைபாதையில் சென்ற ஆசிரியை ஒருவரின் தோள் எலும்பு முறிந்தது. பெட்டி ஏன் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. 2025 மார்ச்சில் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் கம்பனிக்கு எதிராக வழக்கிட்டார். கம்பனி சொல்வது: எங்கள் ஊழியர் செய்த பிழை எதையும் வழக்காளி காட்டவில்லை, அன்று கச்சான் பலமாக வீசியது, வடங்கள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படுபவை. ஆராய்க.

விடை:

எதிராளியின் கவனயீனத்தை எண்பிப்பது வழக்காளியின் பொறுப்பு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆயினும் கொளுக்கி எப்படிக் கழன்றது என்பதை நடைபாதையில் போனவரால் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை நிரப்புவது ரெஸ் இப்சா லொக்கிட்டூர், அதாவது நிகழ்வே பேசும் என்னும் கோட்பாடு.

இதன் மூலமான ஆங்கில வழக்குகள் இரண்டும் இந்த வினாவுக்கு மிக நெருங்கியவை. பைர்ன் எதிர் போடில் (1863) வழக்கில் களஞ்சியசாலையின் மேல்மாடியிலிருந்து மாப்பீப்பா ஒன்று தெருவில் சென்றவர் மேல் விழுந்தது. ஸ்காட் எதிர் லண்டன் அன்ட் சென்ட் கதரீன் டொக்ஸ் கம்பனி (1865) வழக்கில் பாரந்தூக்கியால் இறக்கப்பட்ட சீனி மூடைகள் சுங்க உத்தியோகத்தர் ஒருவர் மேல் விழுந்தன. இரண்டாவது வழக்கில் பிரதம நீதியரசர் ஏர்ல் வகுத்த சோதனையே இன்றும் நிற்கிறது: தீங்கு செய்த பொருள் எதிராளியின் அல்லது அவரது ஊழியரின் கையாளுகையில் இருந்திருக்க வேண்டும், கையாள்பவர்கள் உரிய கவனம் எடுத்திருந்தால் வழமையில் அப்படியொரு விபத்து நேராததாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்து எதிராளி விளக்கம் தராவிட்டால், கவனக்குறைவுக்கு நியாயமான சான்று உண்டு.

இரண்டாவது நிபந்தனை இங்கு எளிதில் நிறைவேறுகிறது. தூக்கிய பெட்டி விழுவதற்கு வழமையாக உள்ள காரணங்களை எண்ணிப் பார்த்தால் போதும். வடம் பெட்டியின் நடுப்பாரத்துக்கு விலகிக் கட்டப்பட்டிருக்கலாம். கொளுக்கியின் வாயை மூடும் தாழ்ப்பாள் உடைந்திருக்கலாம். தேய்ந்த கம்பிவடம் அறுந்திருக்கலாம். தடுப்புப் பிடிக்காமல் உருளை ஓடியிருக்கலாம். பெட்டியின் பலகை உக்கி அடி கழன்றிருக்கலாம். எதுவாக இருந்தாலும், கட்டுமுன் பார்த்திருக்க வேண்டியது அல்லது பராமரிப்பில் பிடிபட்டிருக்க வேண்டியது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றுக்கு ஊகமே தேவையில்லை. தொங்கும் பாரத்தின் கீழ் ஆள் போகக்கூடாது என்பது துறைமுகத்தில் வேலை தொடங்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி. நடைபாதையை மறித்துக் கயிறு கட்டாமலும் கீழே ஓர் ஆளை நிறுத்தாமலும் பெட்டியை இறக்கியதே நேரடியான கவனயீனம். வழக்காளி இதை ஒரு தனிக் குற்றச்சாட்டாகவும் வழக்குரையில் சேர்த்திருக்க வேண்டும்.

சிக்கல் வரக்கூடியது முதல் நிபந்தனையில்தான். பாரந்தூக்கி கம்பனியுடையது, அதை இயக்கியவர் கம்பனி ஊழியர் என்றால் கட்டுப்பாடு தெளிவு. ஊழியரின் கடமைநேரப் பிழைக்குக் கம்பனி பகரப் பொறுப்புடையது. ஆனால் பெட்டிக்கு வடம் மாட்டியவர்கள் லொறிக்காரரின் கூலியாட்கள் என்று விசாரணையில் வெளிவந்தால், ஈசன் எதிர் லண்டன் அன்ட் நோர்த் ஈஸ்டர்ன் ரயில்வே (1944) வழக்கு எதிராளிக்குக் கைகொடுக்கும். அங்கே ஓடும் ரயிலின் கதவைப் பயணிகள் எவரும் திறந்திருக்க முடிந்ததால், அது கம்பனியின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தது எனக் கொள்ளப்படவில்லை. ஆகவே லொறி உரிமையாளரையும் எதிராளியாகச் சேர்ப்பதே புத்தி. பாரந்தூக்கியும் இயக்குநரும் வாடகைக்கு வந்திருந்தால், மேர்சி டொக்ஸ் எதிர் கொகின்ஸ் அன்ட் கிரிஃபித் (1947) வழக்கின்படி, இயக்குநரை அனுப்பிய நிரந்தர முதலாளியே வழமையில் பொறுப்பாளி. மாறாகச் சொல்பவர் அதைக் காட்ட வேண்டும்.

அடுத்து, கோட்பாட்டின் விளைவு. எண்பிக்கும் பொறுப்பு எதிராளியின் தலைக்கு மாறிவிடும் என்று எழுதுவது தவறு. இங் சுன் புய் எதிர் லீ சுயென் டட் (1988) வழக்கில் பிரிவி கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் சொன்னபடி, பொறுப்பு கடைசிவரை வழக்காளியிடமே இருக்கும். கிடைப்பது ஓர் அனுமானம் மட்டுமே. நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவும் நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றுதான் கூறுகிறது. ஊகிக்க வேண்டும் என்று கூறவில்லை. ஒருவருக்கு மட்டும் விசேடமாகத் தெரிந்த விடயத்தை அவரே எண்பிக்க வேண்டும் என்னும் 106ஆம் பிரிவு வழக்காளிக்குத் துணை வரும். ஆனால் வழக்காளி தன் ஆரம்பச் சான்றை வைத்த பிறகே அதற்கு வேலை. எனவே தான் நின்ற இடம், பெட்டி மேலிருந்து வந்தது, பாரந்தூக்கி யாருடையது, காயம் என்பவற்றை அவர் சாட்சியாலும் வைத்தியசாலை அறிக்கையாலும் முதலில் நிறுவ வேண்டும்.

கம்பனியின் விளக்கங்கள் இந்த அனுமானத்தை உடைக்குமா? கச்சான் என்ற விளக்கம் எடுபடாது. ஜூலையில் திருகோணமலையில் கச்சான் வீசுவது யாரும் எதிர்பாராத இயற்கை அனர்த்தம் அல்ல. காற்றுப் பலமென்றால் தூக்குவதை நிறுத்த வேண்டும், அல்லது பெட்டி ஆடாதபடி வழிக்கயிறு பிடிக்க வேண்டும். உண்மையில் இந்த வாதம் கம்பனிக்கே பாதகம்: ஆபத்து தெரிந்தும் வேலை தொடர்ந்ததை அது ஒப்புக்கொள்கிறது. வடங்கள் பரிசோதிக்கப்படுபவை என்பது கனமான வாதம், ஆனால் பொதுப்படச் சொன்னால் போதாது. ஹென்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் (1970) வழக்கில் லொறியின் தடுப்புக் குழாய் வெளியே தெரியாதபடி அரித்திருந்தது. அந்த லொறி எப்படிப் பாவிக்கப்பட்டது என்ற சான்றை உரிமையாளர் முன்வைக்காததால் தோற்றார். அதுபோல இந்தக் கம்பனியும் பரிசோதனைப் பதிவேடு, திகதி, பரிசோதித்தவர், அறுந்த வடத்துண்டு என்பவற்றைக் கொண்டுவர வேண்டும். நியாயமான பரிசோதனையிலும் புலப்படாத உட்பழுது என்று அவை காட்டினால் வடம் பற்றிய அனுமானம் விழுந்துவிடும். அப்போதும் நடைபாதையை மறிக்காத பிழை அப்படியே நிற்கும்.

விபத்தின் காரணம் முழுவதும் சான்றில் வெளிவந்துவிட்டால் கோட்பாட்டுக்கு இடமில்லை. பார்க்வே எதிர் சவுத் வேல்ஸ் ட்ரான்ஸ்போர்ட் (1950) அதைத் தெளிவாக்கியது. அப்போது, வெளிவந்த அந்த உண்மைகளை வைத்தே கவனயீனம் தீர்மானிக்கப்படும்.

எனது கருத்தில் கம்பனி பொறுப்பாளி. உரோம-டச்சுச் சட்டத்தில் பிறரின் பிழையால் வந்த பண நட்டத்தைக் கோரும் அக்குவீலிய வழக்கில் மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் கிடைக்கும். நோவுக்கும் வேதனைக்கும் தனியே நட்டஈடு கேட்கலாம். பொது நடைபாதையில் நடந்தவர் மேல் பங்களிப்புக் கவனயீனம் சுமத்த இடமில்லை. கம்பனி கட்டிய மறிப்புக் கயிற்றை அவர் தாண்டி வந்திருந்தால் மட்டும் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொகை குறையும். தீங்குக்கான வழக்குக்கு இரண்டு வருட எல்லை உண்டு. விபத்து நடந்து ஒன்பது மாதம் நிறையுமுன் தொடரப்பட்டதால் வழக்கு காலத்துக்குள் உள்ளது.