கட்டுரை மதிப்பெண் குறித்து விளக்கமும் மறுபரிசீலனையும் கோரி

வேலூர்
12.03.2025

அனுப்புநர்:
ச. கவிதா
இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு, நான்காம் பருவம்

பெறுநர்:
உதவிப் பேராசிரியர் அவர்கள்
வரலாற்றுத் துறை

பொருள்: 1806 வேலூர்க் கோட்டைப் புரட்சி பற்றிய அகமதிப்பீட்டுக் கட்டுரையின் மதிப்பெண்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று நீங்கள் திருப்பித் தந்த கட்டுரைகளில் எனக்கு 20-க்கு 7 வந்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் உங்களிடம் வந்து கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களைச் சுற்றி ஏற்கெனவே கூட்டமாக இருந்தது. நின்றுகொண்டே அவசரத்தில் பேசினால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல மாட்டேன் என்றும் தோன்றியது. அதனால் எழுதித் தருகிறேன். நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள், ஐயா.

இரண்டு விஷயங்களைக் கேட்கவே இந்தக் கடிதம். எந்த இடத்தில் மதிப்பெண் குறைந்தது என்று விளக்க வேண்டும். விளக்கும்போது, கீழே நான் குறித்திருக்கும் இரண்டு இடங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, பொருத்தம் என்று உங்களுக்குப் பட்டால் மதிப்பெண்ணை மாற்றித் தர வேண்டும். பார்த்த பிறகும் 7தான் என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். காரணம் மட்டும் தெரிந்தால் போதும். போன பருவத்தில் பாளையக்காரர்கள் பற்றி எழுதிய கட்டுரைக்கு நீங்களே 15 கொடுத்து, "சான்றுகளை இன்னும் சேர்" என்று எழுதியிருந்தீர்கள். அதை மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரைக்கு உழைத்தேன். ஆனால் இதில் சான்றுக்கு 6-க்கு 1 வந்திருக்கிறது. மற்ற எதையும்விட இதுதான் எனக்குப் புரியவில்லை.

முகப்புத் தாளில் உள்ளபடி உள்ளடக்கம் 8-க்கு 3, சான்று 6-க்கு 1, நடை 4-க்கு 2, மேற்கோள் முறை 2-க்கு 1. நடையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. என் வாக்கியங்கள் நீளமாகப் போகின்றன என்று வீட்டிலும் சொல்வார்கள்.

முதலில் மூன்றாம் பக்கம். புதிய தலைப்பாகை உத்தரவுதான் சிப்பாய்களின் கோபத்துக்கு முதல் காரணம், கோட்டையில் திப்புவின் குடும்பம் இருந்தது இரண்டாவது காரணம் என்று எழுதியிருந்தேன். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "சான்று?" என்றும், அடுத்த பக்கத்தில் "வகுப்பில் சொன்னதற்கு மாறாக" என்றும் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நீங்கள் வகுப்பில் விளக்கியது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருடைய திருமணம் நடந்தது, மறுநாள் அதிகாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, மைசூர்க் கொடி ஏறியது, மூத்த மகன் பதே ஹைதரின் பெயர் முழங்கியது எல்லாமே என் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு காரணங்களில் எது முந்தி என்பதில்தான் நான் வேறு வரிசை வைத்தேன்.

அந்த வரிசையை ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஐயா. கட்டுரையில் இது மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதால் படிப்பவருக்கு ஒன்றாகச் சேர்ந்து தெரியாமல் போயிருக்கலாம்.

தோல் பட்டையும் குஞ்சமும் வைத்த அந்தத் தலைப்பாகை 1805 நவம்பரில் வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையும் சொன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்ற விதிகளும் கூடவே வந்தன. 1806 மே மாதமே வேலூரில் இருந்த நான்காம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியன் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்களைப் பிடித்து விசாரித்து, இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். 900 என்ற எண்ணைப் படித்துவிட்டு, அச்சுப்பிழையாக இருக்குமோ என்று வேறொரு நூலிலும் சரிபார்த்தேன். இது நடந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஜூலை 10 வந்துவிட்டது.

நான் முக்கியமாக நம்பியிருந்த சான்று இதற்கு அடுத்தது. தலைப்பாகை பற்றிய கொதிப்பு வேலூரோடு நிற்கவில்லை. ஐதராபாத்திலும் அதே ஜூலையில் சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நந்திதுர்க்கத்திலும் பாளையங்கோட்டையிலும் சலசலப்பு இருந்தது. அந்த ஊர்களில் திப்புவின் பிள்ளைகள் யாரும் சிறை இருக்கவில்லை. ஆகவே கோபம் ராணுவம் முழுவதும் இருந்தது, அரச குடும்பம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததால் வேலூரில் அது ஆட்சி மாற்றமாக உருவெடுத்தது என்பதே என் வாதம். இளவரசர்கள் இல்லாவிட்டால் கொடி ஏறியிருக்காது என்பதை நானும் எழுதியிருக்கிறேன். தலைப்பாகை இல்லாவிட்டால் அந்தக் கொடியை ஏற்ற ஆள் சேர்ந்திருக்குமா என்பதுதான் நான் அதற்கு அடுத்து வைத்த கேள்வி.

கோட்டையைப் பிடித்த பிறகு நடந்ததையும் இதற்குத் துணையாகச் சேர்த்தேன். சிப்பாய்களில் பலர் வாயிலையும் மதிலையும் காப்பதை விட்டுவிட்டுக் கொள்ளையில் இறங்கினார்கள். கர்னல் கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து 19-ஆம் டிராகூன் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது உள்ளே ஒழுங்கான தலைமை இல்லை. நீண்ட நாள் திட்டமிட்ட அரச சதி என்றால் இப்படியா இருந்திருக்கும் என்று கேட்டிருந்தேன். (நான் தினமும் ஆற்காட்டிலிருந்துதான் பஸ்ஸில் வருகிறேன், ஐயா. காலை நெரிசலில் எங்கள் பஸ்ஸைவிட அவர் குதிரை சீக்கிரம் வந்திருக்கும் என்று தோன்றும். அதைக் கட்டுரையில் எழுதவில்லை.)

எதிர்த் தரப்பையும் விடவில்லை. விசாரணைக் குழுவே உடை மாற்றம், திப்பு குடும்பத்தின் இருப்பு என்று இரண்டையும் காரணமாகச் சொன்னது. கம்பெனி அரசும் தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றது, திப்புவின் குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது. பின்னால் ஆளுநர் பெண்டிங்க், தலைமைத் தளபதி கிரடாக் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அரசே இரண்டு மருந்தையும் கொடுத்தது என்று நீங்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அழைத்துக்கொண்டது சீருடை உத்தரவுக்குப் பொறுப்பானவர்களை என்பது என் பக்கத்துக்கு ஒரு சிறு பலம் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதினேன். அந்தப் பத்தியில் கோடும் இல்லை, குறிப்பும் இல்லை. அது தவறா, வேண்டாததா, ஏற்கத்தக்கதா என்பதை அறிய விரும்புகிறேன்.

நான் குறித்த இன்னொரு இடம் கடைசித் தாள். இது வெறும் கவனக்குறைவால் நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால் தயங்கித்தான் சொல்கிறேன். தாள் போதாததால் அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். முன்பக்கத்தின் கீழே "பின்பக்கம் பார்க்க" என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். மற்ற எல்லாப் பக்கத்திலும் உங்கள் சிவப்பு டிக் இருக்கிறது, அந்தப் பின்பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. "சான்று?" என்று நீங்கள் கேட்ட பத்திக்கான அடிக்குறிப்புகள் 6, 7, 8 மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. மதராஸ் ராணுவம் பற்றி 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு வரலாற்று நூலை யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதன் பக்க எண்களைத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால், சான்றுக்கும் மேற்கோள் முறைக்கும் விழுந்த மதிப்பெண் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்கு விளங்கிவிடும். பார்த்த பிறகுதான் 1 போட்டீர்கள் என்றால், அந்த நூலை ஆதாரமாக எடுத்ததில் என்ன குறை என்று சொல்லுங்கள். கம்பெனி அதிகாரிகளின் பார்வையில் எழுதப்பட்ட நூல், அதை அப்படியே நம்பக்கூடாது என்பது காரணமாக இருந்தால் அது நியாயம்தான். அடுத்த கட்டுரையில் வேறு தரப்பு ஆதாரங்களை எங்கே தேடுவது என்றும் கேட்டுக்கொள்வேன்.

இறுதிப் பக்கத்தில் "விவாதம் தெளிவில்லை" என்ற குறிப்பு இருக்கிறது. கருத்தே புரியவில்லை என்பதா, வரிசை குழப்பமாக இருக்கிறது என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை என்றால், மேலே ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்து இப்போது தெளிவாக இருக்கிறதா என்று சொன்னால் போதும்.

மற்ற மாணவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு நான் கேட்கவில்லை. யாருடைய தாளையும் நான் பார்க்கவில்லை. வகுப்பில் நீங்கள் சொல்வதற்கு மாறாக எழுதினால் மதிப்பெண் போகும் என்று சில சீனியர் அக்காக்கள் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. கோட்டைக்கு எங்களை அழைத்துப் போனபோது, அகழி ஓரத்தில் நிற்க வைத்து, "நான் சொன்னதையே திருப்பி எழுதாதீங்க, எனக்கு அது ஏற்கெனவே தெரியும்" என்று சொன்னவர் நீங்கள்தான். அந்தத் தைரியத்தில்தான் அந்த வரிசையையே வைத்தேன்.

இந்த மாதக் கடைசிக்குள் இன்டர்னல் மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு முன் உங்களைப் பார்க்க முடிந்தால் நல்லது. திங்கள், புதன் இரண்டு நாளும் மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. வேறு நேரம் உங்களுக்கு வசதி என்றாலும் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன். ஐந்தரை மணிக்கு மேல் மட்டும் கொஞ்சம் சிரமம், பஸ்ஸில் கூட்டம் அதிகமாகிவிடும். நேரில் பேச நேரம் இல்லாவிட்டால் இந்தத் தாளின் ஓரத்திலேயே இரண்டு வரி எழுதித் துறை அலுவலகத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

திருத்திய கட்டுரையின் மூலத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசித் தாளின் பின்பக்கத்தில் ஒரு சிறு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறேன், தேட வேண்டியிருக்காது. அந்த நூலின் மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தும் சேர்த்திருக்கிறேன்.

நன்றி, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
ச. கவிதா

இணைப்பு: திருத்திய கட்டுரை (மூலம்), மூன்று பக்க நகல்