பொருள்: மீன் கறி மசாலா – உங்கள் சமையற்கூடத்தில் ஒரு சோதனைச் சமையல்

மதிப்பிற்குரிய திருமதி சாந்தி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை பினாங்கு உணவுக் கண்காட்சியில் எங்கள் கடையில் நின்று மல்லித்தூளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தீர்கள். பட்டர்வொர்த் மசாலா ஆலையிலிருந்து வந்த கவிதா நான்.

25 கிலோ மூட்டையைப் பிரித்த இரண்டாவது வாரமே மீன் கறியின் மணம் இறங்கிவிடுகிறது, வாடிக்கையாளர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றீர்கள். அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை. மல்லி, சீரகத்தின் மணம் அவற்றின் எண்ணெயில் இருக்கிறது. அரைக்கும்போது இயந்திரம் சூடேறினால் அதில் ஒரு பகுதி அங்கேயே ஆவியாகிவிடும். திறந்து வைத்த மூட்டையில் மிச்சமும் குறையும். நம் ஊர் ஈரக்காற்றில் தூள் கட்டிபிடிப்பது வேறு. எனவே உங்களுக்குப் பெரிய மூட்டையே வேண்டாம் என்பது என் கருத்து. வாரந்தோறும் அரைத்து, காற்றுப் புகாத 2 கிலோ பொட்டலங்களாக அனுப்புகிறோம்.

சொல்லைவிடச் சட்டி நம்பகமானது. வரும் வியாழக்கிழமை மதிய வியாபாரம் ஓய்ந்தபின், 3.30 மணிக்கு, உங்கள் ஜார்ஜ்டவுன் சமையற்கூடத்துக்கு வரலாமா? ஒரே மீன், ஒரே புளி. ஒரு சட்டியில் உங்கள் தூள், மறு சட்டியில் எங்களுடையது. உங்கள் தலைமைச் சமையல்காரரே சமைத்துச் சொல்லட்டும். நீங்கள் கேட்ட காரம் குறைந்த கலவையையும் கொண்டுவருகிறேன். மாதிரிக்குக் கட்டணம் இல்லை. விலையை அதன்பின் பேசலாம்.

ஹலால் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். வியாழன் ஒத்துவராவிட்டால் வசதியான நாளைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
கவிதா
விற்பனைப் பிரிவு