கரிநெருப்பின் அருகே

அன்பானவர்களே, பேதுரு ஆண்டவரை மறுதலித்தது கரிநெருப்பில் குளிர்காய்ந்த இரவில். உயிர்த்த இயேசு திபேரியா கடற்கரையில் மூட்டியிருந்ததும் கரிநெருப்புதான். யோவான் 18, 21 அதிகாரங்களில் இரண்டையும் பார்க்கிறோம். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு வயிறு கலங்கியிருக்கும். இயேசுவோ பழைய இரவைக் கிளறவில்லை. மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். அப்புறம்தான் பேதுருவிடம், "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வியே கேட்டார்.

ஒரு அம்மா, அவர் அனுமதியோடு சொல்கிறேன், ஒரு வாய் சோற்றுக்காக மாமியாரை ஏசியதை இருபது வருடமாகச் சொல்லி அழுகிறார். மாமியாரோ சாகும் முன்னே அவர் கையைப் பிடித்து, "விடு தாயி" என்றுவிட்டார். தேவன் தள்ளுபடி செய்த கடனுக்கு நாம் ஏன் இன்னும் வட்டி கட்டுகிறோம்?

திருவிருந்து ஆயத்தமாயிருக்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவர்களே, எழுந்து வாருங்கள்.