லங்கா ஐ.ஓ.சி. யாருடையது? சீனக்குடாவில் இயங்கும் ஒரு கம்பனியின் பின்னணி, உரிமை, துறை பற்றிய செயற்றிட்ட அறிக்கை

தரம் 12, வணிகக்கல்வி. குழுச் செயற்றிட்டம், திருகோணமலை.

கம்பனியைத் தெரிவுசெய்த விதம்

திருகோணமலையைச் சுற்றிப் பெரிய கம்பனிகளுக்குக் குறைவில்லை: மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, புல்மோட்டையில் கனிய மணல். தெரிவுக்கு நாங்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்ட கம்பனியாக இருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பனி ஆண்டறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டே ஆக வேண்டும். தனியார் கம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதைக் கவனிக்காமல் தொடங்கும் குழு, பாதிவழியில் தகவல் இல்லாமல் நின்றுவிடும்.

எரிபொருள் விற்கும் லங்கா ஐ.ஓ.சி.யை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. “சீனக்குடா எண்ணெய்க் குதம் முழுக்க இந்தியாவுக்குப் போயிற்று” என்று ஊரில் ஒரு சாரார் சொல்வார்கள். “இல்லை, அது அரசாங்கத்தின் சொத்து” என்பார்கள் மற்றவர்கள். இரண்டு கூற்றும் பாதி சரி. கம்பனி, குதம், நிலம் ஆகிய மூன்றும் மூன்று தனிக் கேள்விகள் என்பதைப் பிரித்துப் பார்க்காததால் வரும் குழப்பம் அது.

படி 1: பெயரைச் சரியாகப் பிடித்தல்

முதலில் கம்பனியின் முழுச் சட்டப்பெயர் வேண்டும்: லங்கா ஐ.ஓ.சி. பீ.எல்.சி. கடைசி மூன்று எழுத்து அலங்காரம் அல்ல. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட பொதுக் கம்பனி தன் பெயரோடு அதைச் சேர்க்க வேண்டும். கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் (eroc.drc.gov.lk) பெயரைத் தேடலாம். பங்குப் பரிவர்த்தனைத் தளத்தில் (www.cse.lk) தேடுவதற்கான குறியீடு `LIOC.N0000`.

இங்கே நடக்கும் வழமையான பிழை, “ஐ.ஓ.சி.” என்று மட்டும் தேடுவது. அப்படித் தேடினால் இந்தியத் தாய்க் கம்பனியின் கணக்குகள் முன்னால் வந்து நிற்கும். அவை இந்திய ரூபாயில் உள்ளவை. இரண்டையும் கலந்து அட்டவணை போட்டால் பிறகு திருத்த முடியாது, திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

படி 2: பின்னணி

கம்பனி 2002இல் கூட்டிணைக்கப்பட்டு, 2003இல் சில்லறை எரிபொருள் விற்பனையில் இறங்கியது. 2004 இறுதியில் பொதுமக்களுக்குப் பங்கு வழங்கிப் பட்டியலில் சேர்ந்தது. இந்தத் திகதிகள் ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்பதற்கு 1961 வரை பின்னால் போக வேண்டும். அந்த ஆண்டில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகியது. அதைத் தொடர்ந்து ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டுக் கம்பனிகளின் வியாபாரம் அரசிடம் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு அரச ஏகபோகத்தைத் தளர்த்தியது 2002ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பெற்றோலிய உற்பத்திகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். அதன் வழி வந்த முதல் போட்டியாளரே லங்கா ஐ.ஓ.சி.

படி 3: உரிமை

அதிக நேரம் எடுத்த பகுதி இது. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் பங்குதாரர் தகவல் இருக்கும். அங்கே மிகப் பெரிய 20 பங்குதாரரின் பட்டியலும் பொதுமக்கள் கைவசமுள்ள வீதமும் வரும். மொத்தப் பங்குகள் 532,465,705. அதில் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்திடம் இருப்பவை 400,000,005. வகுத்துப் பார்த்தால் 75.12%. அறிக்கையில் அச்சிட்ட வீதத்தை அப்படியே எழுதாமல் நாமே வகுத்துப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கையைத் தவறாகப் பார்த்து எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

பட்டியலின் முதற்பெயரோடு நிறுத்தினால் விடை முழுமையாகாது. அந்தப் பெயரும் ஒரு கம்பனிதான். அதன் பெரும்பான்மைப் பங்கு, 51.5%, இந்திய அரசிடம் உள்ளது. ஆகவே பொருளாதார உரிமையில் இந்திய அரசுக்குப் போவது:

75.12% × 51.5% = 38.7%

இதைப் பார்த்து “இந்திய அரசுக்குப் பாதிகூட இல்லை” என்று முடிவெடுப்பது தவறு. இலாபத்தில் போகும் பங்கு வேறு, கட்டுப்பாடு வேறு. ஒவ்வொரு படியிலும் 50%க்கு மேல் இருப்பவர் கையில் வாக்குப் பலம் இருக்கிறது. இரு படியிலும் அது இருப்பதால் கட்டுப்பாடு மேல்வரை போகிறது.

அடுத்து கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும்: இந்தக் கம்பனி எவற்றில் பங்கு வைத்திருக்கிறது? நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் “முதலீடுகள்” என்ற பகுதி. இலங்கைப் பெற்றோலியக் களஞ்சிய முனையக் கம்பனியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துடையது. ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் கம்பனியில் 49%. மீதி 51% அதே கூட்டுத்தாபனத்திடம். சந்தையில் போட்டியாளர்களான இருவரும் இந்த இரண்டு இடத்திலும் பங்காளிகள்.

குதங்கள்

சீனக்குடாவில் எஞ்சியிருப்பவை 99 குதங்கள். பிரித்தானியர் கட்டியவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய வான்தாக்குதலின்போது ஒரு குதம் எரிந்து அழிந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரின் கூட்டான ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் கம்பனிக்கும். கூட்டிப் பார்த்தால் 99. பத்திரிகைச் செய்திகளிலிருந்து எடுக்கும் எண்களை இப்படிக் கூட்டிச் சரிபார்க்காமல் சேர்க்கக்கூடாது.

இது குத்தகை, காலம் 50 ஆண்டு. நிலம் அரசிடமே இருக்கிறது. “விற்றுவிட்டார்கள்” என்ற சொல்லை இந்த அறிக்கையில் எங்கும் பயன்படுத்தாததற்குக் காரணம் அதுதான்.

படி 4: துறை

பங்குப் பரிவர்த்தனையின் வகைப்படுத்தலில் இது சக்தித் துறை. அந்த ஒரு சொல்லால் கம்பனியின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நிதிக்கூற்றின் கூறுவாரித் தகவலைப் பார்க்க வேண்டும். 200க்கு மேற்பட்ட நிரப்பு நிலையங்களில் பெற்றோல், டீசல் விற்பனை, கப்பல்களுக்கு எரிபொருள் வழங்கல், தார், சேர்வோ என்ற பெயரில் என்ஜின் ஒயில். இந்த ஒயிலைக் கலக்கும் ஆலை திருகோணமலையில் உள்ளது. போட்டியாளர் பட்டியலில் கூட்டுத்தாபனத்தை மட்டும் எழுதினால் பழைய பாடம். 2023இல் சினோபெக் வந்துவிட்டது; ஷெல் பெயரில் ஆர்.எம். பார்க்ஸும் வந்தது.

எண்களை எடுக்கும்போது

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. “2022/23” என்றால் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை. டிசம்பரில் முடியும் கம்பனியோடு ஒப்பிடும்போது அட்டவணைக்குக் கீழே அதைக் குறிப்பிட வேண்டும்.

தொகைகள் ஆயிரம் ரூபாயில் உள்ளனவா என்று நிரலின் தலைப்பைப் பார்க்க வேண்டும். மூன்று பூச்சியம் விடுபட்டால் பில்லியன் மில்லியனாகிவிடும்.

“குழுமம்”, “கம்பனி” என்று இரு நிரல்கள் இருந்தால், அறிக்கை முழுவதும் ஒரே நிரலையே பின்பற்ற வேண்டும். களஞ்சியக் கம்பனியிலிருந்து வரும் இலாபப் பங்கு இரண்டிலும் வேறு விதமாகக் காட்டப்படலாம் என்பதால், நிரல் மாறினால் ஆண்டு வளர்ச்சி வீதம் பொய்யாகும்.

2022 எரிபொருள் நெருக்கடி ஆண்டுகளின் விற்பனைத் தொகையை வளர்ச்சி என்று எழுதவில்லை. ரூபா வீழ்ந்து விலை பல மடங்கானது. அதனால் தொகை உயர்ந்ததா, விற்ற லீற்றர் உயர்ந்ததா என்று பிரிக்க, தலைவரின் மீளாய்வில் சொல்லப்படும் அளவுகளைத் தனி நிரலில் வைத்தோம்.

வரைபடம்

இறுதிப் பக்கத்தில் ஒரு உரிமை வரைபடம் வரைந்துள்ளோம். மேலே இந்திய அரசு, அதன் கீழ் இந்தியன் ஒயில், நடுவே லங்கா ஐ.ஓ.சி., பக்கத்தில் பொதுமக்களின் 24.88%. கீழே இரு கூட்டுக் கம்பனிகள். அவற்றுக்கு மறுபக்கத்திலிருந்து கூட்டுத்தாபனத்தின் கோடு. குத்தகைக்கு மட்டும் புள்ளிக்கோடு, ஏனையவற்றுக்கு முழுக்கோடு. ஒவ்வொரு கோட்டின்மீதும் வீதமும், அது எந்த ஆண்டறிக்கையில் எத்தனையாம் பக்கம் என்பதும் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன.