முருங்கைக்கீரை உருவி: முதல் 500 கருவிகளுக்குக் கைகொடுங்கள்

ஈர்க்கைத் துளையில் நுழைத்து இழுத்தால் இலை கிண்ணத்தில் விழும், ஈர்க்கு கையோடு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு, மூன்று அளவில் துளைகள், ஓரம் விரலைக் கீறாது. நுனியின் இளங்காம்பு மட்டும் கொஞ்சம் கலந்துதான் விழும். அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

தேவை ₹2,40,000. பெரும்பகுதி கருவிக்கான அச்சு, அதாவது டை, செய்யவே போகும்.

₹450 தந்தால் ஒரு கருவி, ₹850க்கு இரண்டு. ₹4,000 தரும் மெஸ், கேட்டரிங்காரர்களுக்குப் பெரிய கிண்ணத்தோடு பத்து. ₹100 தந்தாலும் மகிழ்ச்சிதான், ஆனால் கருவி வராது. தபால் செலவு இதிலேயே அடக்கம்.

நிதி திரட்டல் ஆகஸ்ட் 31-இல் முடியும். தீபாவளிக்குத் தருவேன் என்று சொல்ல மாட்டேன். டைக்கு எட்டு வாரம், அப்புறம் கோவைப் பட்டறைகளில் தீபாவளி விடுமுறை. ஜனவரியில் அனுப்பத் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிப்பேன். டை முதல் தடவையே சரியாக அமையாவிட்டால் மார்ச் ஆகும். மாதம் ஒருமுறை பட்டறைப் படத்தோடு நிலவரம் எழுதுவேன். இலக்கை எட்டாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும்.